மிதக்கும் ஸ்னீக்கர்: ஈரோடு தீபாவளி விளம்பரப் பலகைக்கான பிராம்ப்ட்

ஈரோடு பெருந்துறை சாலையோரப் பலகைக்கு ஒரு விளம்பரப் படம். அகலம் உயரத்தைப் போல் இரு மடங்கு, விகிதம் 2:1. ஸ்டுடியோவில் எடுத்த ஒளிப்படம் போலவே இருக்க வேண்டும். ஓவியச் சாயல் வேண்டாம். பஸ்ஸில் போகிறவர் ஒரு நொடிதான் பார்ப்பார். அந்த நொடியில் முதலில் ஷூ, பிறகு நிழல், அதன் பிறகே வண்ணம் கண்ணில் பட வேண்டும்.

ஒரே ஒரு ஸ்னீக்கர், இடது காலுக்கானது, வெளிப்பக்கம் தெரிய அந்தரத்தில் மிதக்கிறது. முனை இடப்புறம் நோக்கி 20 பாகை மேலெழும்பியிருக்கிறது. குதிப்பகுதி தாழ்ந்து தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. கேமரா தரையிலிருந்து சற்றே மேலே, 85 மி.மீ. லென்ஸ். முன்பாதத்துக்குக் கீழே சோலின் வரிப்பள்ளங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். மேற்பாகம் வெள்ளை நிறப் பின்னல் துணி. திருப்பூர் பனியன் துணியைக் கண்ணருகே பிடித்தால் வளையம் வளையமாகத் தெரியுமே, அந்த நெருக்கம் வேண்டும். குதியில் மட்டும் மஞ்சள் நூலில் ஒற்றைத் தையல். லேஸின் இரு நுனிகளும் காற்றில் பின்னோக்கிப் பறக்கின்றன.

நிழலில்தான் இந்தப் படத்தின் உயிர் இருக்கிறது. இடப்புறம் மேலே முன்பக்கத்திலிருந்து ஒரே ஒரு கடுமையான விளக்கு, மாலை வெயிலின் சாய்வில். நிழல் சாம்பல் நிறச் சிமெண்ட் தரையில் வலப்புறம் நீண்டு சரிகிறது. குதி தரைக்கு அருகில் இருப்பதால் அதன் நிழல் அடர்ந்து, விளிம்பு கூர்மையாக விழ வேண்டும். முனை உயரத்தில் இருப்பதால் அதன் நிழல் வெளிறி, விளிம்பு கரைந்திருக்க வேண்டும். இந்த வேறுபாடு இல்லாவிட்டால் ஷூ மிதப்பதாக யாரும் நம்ப மாட்டார்கள். லேஸ் நுனிகளின் மெல்லிய நிழல்கள் தனியே சுழன்று கிடக்கட்டும். ஷூவுக்கும் நிழலுக்கும் நடுவே வெற்றுத் தரை தெரிவது கட்டாயம்.

பின்னணி அடர்கருநீலம். குதிக்குப் பின்னாலிருந்து வண்ணம் வெடித்து, குறுகலாகத் தொடங்கி வலப்புறம் விரிகிறது. முன்னால் பாய்வது அப்போதுதான் அரைத்த ஈரோட்டு மஞ்சள் தூள், துகள் துகளாக. அதைத் தொடர்ந்து பவானி ஜமக்காளத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள். நேராகப் புறப்பட்டு, நூல் நூலாகப் பிரிந்து, ஓரத்தில் பொடியாகச் சிதறுகின்றன. வண்ண மேகங்களின் மங்கலான நிழலும் தரையில் விழட்டும். வெள்ளைத் துணியின் மீது ஒரு துகள்கூடப் படக் கூடாது. ஹோலிக் கொண்டாட்டம் போலவும் தெரியக் கூடாது. நெசவின் ஒழுங்கு வெடிப்பிலும் தெரிய வேண்டும்.

இடப்புற மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கட்டும். கடைப் பெயரும் விலையும் பிறகு அங்கே வரும். எழுத்து, சின்னம், மனிதக் கால், இரண்டாவது ஷூ, தாங்கும் கம்பி, புகை, பட்டாசு எதுவும் வேண்டாம். லேஸ் துளைகள் இரு பக்கமும் ஆறு ஆறாக, ஒன்றுக்கொன்று நேராக அமைய வேண்டும்.