நாளைய நேர்காணல் சனிக்கிழமைக்கு மாறுகிறது, இன்றிரவு ரயில் ஏற வேண்டாம்

16 ஜூலை 2025, புதன், பிற்பகல் 3.40

நந்தினி அவர்களுக்கு,

வணக்கம். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளை வியாழக்கிழமை காலை 10 மணிக்குத் திருப்பூரில் உங்களுக்கு வைத்திருந்த நேர்காணலை எங்களால் நடத்த முடியாத நிலை. அதை 19 ஜூலை, சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு மாற்றக் கேட்டுத்தான் இந்த மெயில். அதனால் இன்றிரவு சேரனில் கிளம்ப வேண்டாம்.

இதைப் படித்ததும் "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும். சனிக்கிழமை சரியா இல்லையா என்பதை வீட்டுக்குப் போய் யோசித்து நாளை சொல்லலாம். மதியம் உங்கள் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. வேலை நேரம், அதுவும் பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள் என்பது புரியும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் வேறு எதுவும் எழுதாமல் "மெயில் பாருங்கள்" என்று மட்டும் அனுப்பினேன். உங்கள் அலுவலக எண்ணுக்கு யாரும் அழைக்கவில்லை, அழைக்கவும் மாட்டோம்.

இனி காரணம். எங்கள் பையர் ஒருவருக்காக நடக்கும் சமூகப் பொறுப்பு ஆடிட் நாளை காலை 9 மணிக்கு ஆரம்பிக்கிறது. நீங்கள் பையிங் ஹவுஸில் இருப்பவர், விளக்கவே வேண்டாம். நாளைச் சொல்லாமல், இந்த மூன்று வாரத்துக்குள் ஒரு நாள் வருவோம் என்று சொல்லிவிட்டு வரும் வகை. ஆடிட்டர்கள் கோவையில் இறங்கிவிட்டார்கள் என்ற தகவல் இன்று மதியம் 1.15க்குத்தான் வந்தது. இரண்டு நாள் இருப்பார்கள். சம்பளப் பதிவேடு, ஓவர்டைம் கணக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல நான் அவர்கள் எதிரில் உட்கார வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜர் அவர்களோடு லைன் லைனாக நடக்க வேண்டும். நேர்காணல் நடத்துகிற மூன்று பேரில் இரண்டு பேர் இப்படிப் போய்விட்டால் மிஞ்சுவது குவாலிட்டி ஹெட் மட்டும்தான். மீட்டிங் ரூமும் ஆடிட்டர்களுக்குப் போய்விட்டது.

குவாலிட்டி ஹெட் ஒருவரே உங்களைப் பார்த்து முடித்துவிடலாமே என்று இங்கே ஒரு யோசனை வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். போன வருடம் ஒரு வேலைக்கு அப்படிச் செய்தோம். குவாலிட்டிக்குப் பிடித்த ஆளை புரொடக்‌ஷன் முதல் வாரத்திலேயே ஏற்றுக்கொள்ளவில்லை, பாவம் நடுவில் சிக்கியது அந்தப் பையன். லாட்டை நிறுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது எதிர்ப்பக்கம் நிற்கப்போவது புரொடக்‌ஷன் மேனேஜர்தான். அவரையும் நீங்கள் நேரில் பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுப்பதுதான் நல்லது. அவசரத்துக்கு ஒப்பேற்றிய நேர்காணலுக்காக உங்களை ராத்திரி முழுக்க ரயிலில் வரவைக்க எனக்கு மனமில்லை.

இது இரண்டாவது மாற்றம் என்பதை நான் மறக்கவில்லை. போன வாரம் 10ஆம் தேதி என்று சொல்லி, எங்கள் எம்.டி. ஊரில் இல்லை என்று 17க்குத் தள்ளியதும் நாங்கள்தான். அந்த மூன்று வாரக் கணக்குக் கடிதம் என் மேஜையில்தான் இருந்தது. கடைசி வாரத்தில்தான் வருவார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு உங்களுக்கு நாள் குறித்தேன். அந்தத் தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆடிட் வெள்ளி மாலையோடு முடிகிறது. எங்களுக்குச் சனி வேலை நாள், எல்லா லைனும் ஓடும். மூன்று பேரும் இருப்பார்கள் என்று நேரில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை உங்களுக்கு விடுமுறை என்று முன்பு சொன்ன ஞாபகம். நாளைக்குப் போட்ட லீவைத் திரும்ப எடுக்க முடிந்தால் ஒரு நாள் மிச்சமாகும். முடியாவிட்டால் அந்த ஒரு நாள் லீவு எங்களால் வீணானது, அதற்கு ஈடு செய்ய எனக்கு வழி தெரியவில்லை. பணத்துக்காவது வழி உண்டு. இன்றைய டிக்கெட்டையும் நாளை இரவுத் திரும்பும் டிக்கெட்டையும் ரத்து செய்துவிடுங்கள். எவ்வளவு பிடித்தாலும், ஒன்றுமே திரும்ப வராவிட்டாலும், அதை நாங்கள் தருகிறோம். ரத்து ஆனதற்கு வரும் மெசேஜின் ஸ்கிரீன்ஷாட் போதும், பில், வவுச்சர் எதுவும் வேண்டாம். நாளை மாலைக்குள் உங்கள் ஜிபேக்கு வந்துவிடும். நீங்கள் சனிக்கிழமை வருவதற்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை. வராவிட்டாலும் வரும்.

புது டிக்கெட் எங்கள் பொறுப்பு. வெள்ளி இரவு சேரனில் சாதாரண டிக்கெட் இப்போதே வெயிட்டிங்கில் இருக்கிறது, தத்கால்தான் வழி. நாளை காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புக்குத் திறக்கும். இந்த மாதம் முதல் வந்த விதிப்படி முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகள் தத்கால் போட முடியாது, அதனால் எங்கள் வழக்கமான ஏஜென்ட்டை நம்பவில்லை. என் உதவியாளர் தன் ஆதார் இணைத்த கணக்கில் இருந்து போடுவார். ஆடிட்டர் எதிரில் அவரை உட்காரவைக்கவில்லை, கவலை வேண்டாம். விண்ணப்பத்தில் நீங்கள் கொடுத்த பெயரும் வயதுமே போதும், அடையாள அட்டை மட்டும் கையில் இருக்கட்டும். தத்கால் கிடைக்காவிட்டால் ஸ்லீப்பர் பஸ்ஸில் கீழ் பெர்த், அதுவும் சரிப்படாவிட்டால் நாளை மதியத்துக்குள் உங்களிடம் கேட்டு வேறு ஏற்பாடு.

சனி விடியற்காலை திருப்பூர் ஸ்டேஷனில் எங்கள் கார் நிற்கும். ஓட்டுநர் பெயரும் எண்ணும் வெள்ளி இரவே அனுப்பிவிடுவேன். ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு அறை போட்டிருக்கிறோம், குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட நேரம் இருக்கும். 10 மணிக்கு அதே கார் வந்து அழைத்துவரும்.

நேர்காணலில் எதுவும் மாறவில்லை. முக்கால் மணி நேரம் பேச்சு. அப்புறம் கட்டிங்கில் இருந்து பேக்கிங் வரை ஒரு சுற்று. கடைசியாகச் செக்கிங் டேபிளில் கை வேலை: 2,400 பீஸ் லாட் ஒன்றில் 125 பீஸ் எடுத்து, ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் நீங்களே பார்த்து, பாஸா ஃபெயிலா என்று சொல்ல வேண்டும். 7 வரை போகும், 8 வந்தால் லாட் நிற்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாங்கள் பார்க்க விரும்புவது, ஏழாவது பீஸுக்கும் எட்டாவது பீஸுக்கும் நடுவில் ஒரு சந்தேகக் கேஸ் வரும்போது அதை மேஜரா மைனரா என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்பதைத்தான். இதை வீடியோ காலில் பார்க்க முடியாது. அதனால்தான் ஆன்லைனில் முடித்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம், நீங்களாகக் கேட்கத் தயங்கலாம் என்பதால் நானே சொல்கிறேன். இந்த வேலைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதால் உங்களைத் தள்ளிப்போடுகிறோம் என்று நினைக்க வேண்டாம். நாளை மதியம் வர இருந்த இன்னொருவருக்கும் இதேபோல் நாள் மாற்றியிருக்கிறேன், அவர் திங்கட்கிழமை வருகிறார். உங்களுக்கு முன்னால் யாரையும் பார்க்கப் போவதில்லை.

வேறொரு இடத்தில் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள் என்று போனில் சொன்னீர்கள். அதைக் குறித்து வைத்திருக்கிறேன், இந்த மாற்றத்தால் அது பாதிக்கப்படக் கூடாது. நீங்கள் சனிக்கிழமை ரயில் ஏறுவதற்கு முன்பே ஆமா, இல்லையா என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறோம். ஆமா என்றால் சம்பளத் தொகையோடு ஆஃபர் லெட்டர் ஞாயிறு மாலை 6 மணிக்குள் இதே தனிப்பட்ட மெயிலுக்கு வரும். எங்கள் பதில் உங்களைப் பொறுத்தது, அடுத்தவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று இழுக்க மாட்டோம். எம்.டி. இதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். நீங்கள் சொன்ன 60 நாள் நோட்டீஸ் காலமும் எங்களுக்குச் சம்மதம். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் உங்களைப் பற்றி விசாரிப்பது, நீங்கள் அங்கே ராஜினாமா கொடுத்து, விசாரிக்கலாம் என்று எங்களிடம் சொன்ன பிறகுதான்.

சனிக்கிழமை முடியவே முடியாதென்றால் சொல்லுங்கள். ஞாயிறு காலை 10 மணிக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், மூன்று பேரும் வருவார்கள். லைன் ஓடாது, ஆனால் டேபிளும் பீஸும் தயாராக இருக்கும். அதுவும் இல்லையென்றால் அடுத்த வாரம் உங்களுக்குத் தோதான நாளை நீங்களே சொல்லுங்கள். ஆனால் அது உங்கள் திங்கட்கிழமைக் கெடுவைத் தாண்டிப் போகிறது, அதனால் நானாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இத்தனைக்கும் பிறகு எங்களோடு ஒத்துவராது என்று தோன்றினாலும் ஒரு வரி எழுதுங்கள், அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒருவேளை இதை ரயில் ஏறிய பிறகுதான் பார்க்கிறீர்கள் என்றால் வழியில் இறங்க வேண்டாம், வந்துவிடுங்கள். எத்தனை மணியானாலும் எனக்கு ஒரு மெசேஜ் மட்டும் தட்டிவிடுங்கள், காரும் அறையும் நாளைக்கே இருக்கும். ஆடிட்டர்கள் மாலையில் கிளம்பியதும் நாங்கள் மூவரும் 6.30 மணிக்கு உங்கள் ஹோட்டலுக்கே வந்து பேசுகிறோம், இரவு நீங்கள் ஏற்கெனவே போட்ட டிக்கெட்டில் திரும்பலாம். டேபிள் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

இன்று இரவு 11 மணி வரை நான் அலுவலகத்தில்தான் இருப்பேன், ஃபைல் அடுக்கிக்கொண்டு. நீங்கள் வேலை முடிந்து வெளியே வந்ததும் கூப்பிடலாம், மிஸ்டு கால் கொடுத்தாலும் நான் அழைக்கிறேன். நாளை பகலில் என் போன் சைலண்டில் இருக்கும், அப்போது என் உதவியாளர் எண்ணுக்கு அழையுங்கள். அதை வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ரவிச்சந்திரன்
மனிதவள மேலாளர்

பி.கு.: நாளை ஆடி ஒண்ணு, அன்றைக்கா நேர்காணல் என்று உங்கள் அம்மா யோசித்ததாகப் போன வாரம் சொன்னீர்கள். முதல் தேதியைத் தாண்டியாயிற்று, ஆடி முழுவதையும் தாண்ட எங்களால் முடியாது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.