பராமரிப்புக் கணக்கு: பொதுக்குழுவில் பொருளாளர் பேச்சு

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, வணக்கம்.

2024-25 கணக்கின் நகல் உங்கள் கையில் இருக்கிறது. அதை வரிவரியாக வாசித்தால் பாதிப் பேர் கீழே டீ குடிக்கப் போய்விடுவீர்கள். நீங்கள் படியில் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

32 வீடு, மாதம் 1,800 ரூபாய். வருடத்துக்கு 6,91,200 வந்திருக்க வேண்டும்; வந்தது 6,26,400. மூன்று வீடுகள் ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மூன்று பேருக்கும் தனியாகக் கடிதம் கொடுத்தாயிற்று.

செலவு 7,39,400. துண்டு விழுந்தது 1,13,000. வங்கியில் இருந்த 1,85,000-இல் இருந்து எடுத்துத்தான் சமாளித்தோம். இன்றைய இருப்பு 72,000.

சரி, பணம் எங்கே போனது? பெரும்பங்கு சம்பளம். இரண்டு வாட்ச்மேன்களுக்கும் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கும் சேர்த்து 3,36,000. அடுத்தது பொது மீட்டர் கரண்ட் பில், 1,26,000. "எங்கள் வீட்டுக்கு நூறு யூனிட் இலவசமே, பொது மீட்டருக்கு ஏன் இவ்வளவு?" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்கள். அந்தச் சலுகை வீட்டு மீட்டருக்கு மட்டும்தான். 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கென்று தனிக் கட்டணம் கொண்டுவந்தார்கள்: யூனிட்டுக்கு 8 ரூபாய், நிலைக் கட்டணம் வேறு. 2024 ஜூலையில் மறுபடியும் ஏற்றினார்கள். நமது 1,800 மட்டும் 2021-இல் வைத்தபடியே இருக்கிறது.

இனி லிஃப்ட். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்ணார்பேட்டை பட்ட பாடு உங்களுக்கே தெரியும். லிஃப்ட் குழியில் நாள்கணக்கில் சேறும் தண்ணீருமாக நின்றது. அப்போது இறைத்துவிட்டு ஓட்டினோம். ஆனால் அடியில் இருக்கும் ஸ்பிரிங், சுவிட்சு, ஒயர் எல்லாம் துருப்பிடித்துக்கொண்டே வந்து, இந்த வருடம் மாற்றியே தீர வேண்டும் என்றார்கள். கம்பிவடமும் தேய்ந்திருந்தது. மொத்தம் 78,000. வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு 48,000, அது தனி. ஒப்பந்தத்தில் சர்வீஸ்தான் சேரும், உதிரிபாகம் சேராது.

தரைத்தளத்து அண்ணாச்சி ஒருவர், "நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை, எனக்கு எதற்கு அந்தச் செலவு?" என்கிறார். அவர் குளிக்கிற தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியில் இருந்துதான் இறங்குகிறது. மாடி ஓதம் மேல்வீட்டுக்குத்தானே என்று நான் விட்டுவிடலாமா? அவரவர் பயன்படுத்துவதைப் பிரித்துக் கணக்குப் போட ஆரம்பித்தால், அந்தக் கணக்கு எழுதவே ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

ஆற்றை அடுத்து இருந்துகொண்டு லாரித் தண்ணீரா என்று சிரிக்கிறார்கள். மே மாதம் போர் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடி, காயில் எரிந்தது. தூக்கி, கட்டி, இறக்க 34,000. அது சரியாகும்வரை மாநகராட்சித் தண்ணீர் போதாமல் 38 லோடு வாங்கினோம், லோடு 1,200 வீதம் 45,600. இப்போது தண்ணீர் குறைந்தால் தானாக நிற்கும் கருவி மாட்டியிருக்கிறது. மீதி டீசல், செப்டிக் டேங்க், தொட்டி கழுவியது, பல்பு, குழாய் என்று 71,800.

ஆகவே மாதம் 2,300 ஆக்க வேண்டும் என்பது கமிட்டியின் கோரிக்கை. ஐந்நூறு கூடுதல். சிலருக்கு, முக்கியமாகப் பென்ஷனில் இருப்பவர்களுக்கு, இது பாரம்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வரவு வருடம் 8,83,200 ஆகும். லிஃப்ட், மோட்டார் ரிப்பேர் போக வழக்கமான செலவு 6,27,400. வாட்ச்மேன்களுக்கு ஆளுக்கு 2,000 கூட்டிக் கொடுக்க 48,000. கொடுக்காவிட்டால் ராத்திரி ஆள் நிற்க மாட்டார். ஐப்பசி மழைக்கு முன் மொட்டைமாடிக்கு ஓதம் தடுக்கும் பூச்சு போட ஒன்றரை லட்சம். மிச்சம் 57,800. அந்த மூன்று வீடுகள் அடுத்த வருடமும் கட்டாவிட்டால் 82,800 குறையும், அதாவது மறுபடியும் துண்டு.

வைப்பு நிதியில் இருந்து எடுக்கலாமே என்றும் கேட்டார்கள். அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொரு வெள்ளம் வந்தால் கைகொடுப்பது அதுதான்.

புதிய தொகை வரும் மாதம் முதல் தேதியில் இருந்து. பத்தாம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். ரசீது ஃபைல் இந்த மேஜை மேல் இருக்கிறது. யாரும் புரட்டலாம், போட்டோவும் எடுக்கலாம். இப்போது தலைவர் தீர்மானத்தை வாசிப்பார். அதற்கு முன் கேள்வி இருந்தால் கேளுங்கள்.