செத்த லைன்

"இருட்டுல கம்பத்துல ஏறும்போது பயமே இருக்காதா தாத்தா?" என்று கேட்டான் கதிர்.

"ஏறுறதுக்கு என்னடா பயம்? லைன் செத்திருக்கான்னு தெரியுறவரைக்கும்தான் பயம்" என்றார் முருகேசன். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கதை சொல்லும்போதுகூட அவருடைய கை இடுப்பு பெல்ட்டைத் தேடும்.

"அன்னிக்குப் புயல் காத்து ஓஞ்சப்பவே ராத்திரி ஆயிடுச்சு. வழியெல்லாம் மரம். வெட்டி வெட்டித்தான் போனோம். மூணு கம்பம் சாஞ்சு கெடக்கு, கம்பி தண்ணிக்குள்ள. அறுந்த கம்பியை மட்டும் தொடவே கூடாது. ஊரே இருட்டாத்தானே இருக்குன்னு நெனச்சு தொட்டவங்க போய்ச் சேர்ந்திருக்காங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"லைன்ல வர்ற கரண்ட்டைத் துண்டிக்கிற ஏபி ஸ்விட்சைத் திறந்து பூட்டுப் போட்டோம். ட்ரான்ஸ்பார்மர் ஃப்யூஸையும் பிடுங்கினோம். கரண்ட் இல்ல, வேலை செய்யலாம்னு சப்ஸ்டேஷன்ல லைன் கிளியர் வாங்கியாச்சு. சரி, இனி ஏறலாம்னு கூட இருந்த பையன் கயித்தை எடுத்துட்டான். நான் விடலை. டெஸ்ட் லாம்ப் வச்சுப் பார்த்தா, எரியுது!"

கதிர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எல்லாத்தையும்தான் ஆஃப் பண்ணியாச்சே!"

"அதான்! எல்லாரும் மூச்சுக் காட்டாம நின்னு கேட்டோம். தூரத்துல டுடுடுடுன்னு ஒரு ஜெனரேட்டர். யாரோ மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணாமலே வீட்டு வயரிங்ல கொடுத்துட்டாங்க. அது சர்வீஸ் வயர் வழியா லைனுக்கு ஏறுது. ஃப்யூஸ் மட்டும் இருந்திருந்தா அந்த 230 வோல்ட் ட்ரான்ஸ்பார்மருக்குள்ள போய், மேல 11000 வோல்ட்டா வந்திருக்கும். ட்ரான்ஸ்பார்மர் ரெண்டு பக்கமும் வேலை செய்யும்டா, அதுக்கு எந்தப் பக்கம் கரண்ட் வருதுன்னு தெரியாது."

முழங்கால் தண்ணீரில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனார்களாம். கையில் தடி, தடிக்கு முன்னால் டார்ச். அந்த வீட்டைக் கண்டுபிடித்து மெயினை இறக்கிய பிறகு மறுபடி டெஸ்ட் லாம்ப். எரியவில்லை. அப்புறமும் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும், கரண்ட் வந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் ராடு மாட்டிவிட்டுத்தான் ஏறினார்கள். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் போதாதா என்று கேட்டான் கதிர். "கரண்ட் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு உங்கிட்ட சொல்லிட்டா வரும்?" என்றார் தாத்தா.

கம்பி இழுத்துக் கட்டியதையெல்லாம் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவருக்கு அது வேலை, கதையில்லை. லைனில் மறுபடி கரண்ட் விடும் முன் எர்த் ராடை எடுத்தது, கம்பத்தில் ஏறிய அத்தனை பேரும் இறங்கிவிட்டார்களா என்று ஆள் ஆளாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டது, இதை மட்டும் நிதானமாகச் சொன்னார்.

"அந்த ஜெனரேட்டர்காரரைத் திட்டினீங்களா?"

"எங்க திட்ட? கதவைத் திறந்ததும் அவர்தான் முதல்ல கேட்டார், 'ஏம்ப்பா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? ஜெனரேட்டர்ல டீசல் தீரப் போகுது'ன்னு!"