அக்காவுக்கு, என் ரிவ்யூவோடு ஒரு நன்றி

அக்கா, வணக்கம்.

நேற்று மாலை என் ஆண்டு ரிவ்யூ வந்தது. ஸ்கிரீன்ஷாட்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் தீட்டிய மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். மூன்றும் உங்களால் வந்தவை.

"மெதுவான குவெரிகளின் காரணத்தைத் தானே கண்டுபிடிக்கிறார்." மார்ச்சில் ஆர்டர் ரிப்போர்ட் 40 விநாடி இழுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் சர்வரைக் குறை சொன்னேன். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, `EXPLAIN ANALYZE` ஓட்டி, `Seq Scan` என்ற வரியில் விரலை வைத்தீர்கள். "டேபிள் முழுக்கப் படிக்குதும்மா, ஏன்னு பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனீர்கள். இண்டெக்ஸ் இல்லை என்று நானே கண்டுபிடித்த அந்த 20 நிமிடத்தை மறக்கவே மாட்டேன்.

"ரிலீஸுக்கு முன்பே ரோல்பேக் திட்டம் எழுதிவைக்கிறார்." இது அப்படியே உங்கள் பழக்கம்.

மூன்றாவது, "புதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்." படித்ததும் கண் கலங்கிவிட்டது, அக்கா. ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டபோதும் நீங்கள் முகம் சுளித்ததில்லை. இப்போது ஜூனியர் பையன் கேட்டால் நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

மனமார்ந்த நன்றி. அப்புறம், பொங்கல் முடிந்து வரும்போது அம்மா சுட்ட அதிரசம் உங்களுக்குத் தனி டப்பாவில் வரும்.

அன்புடன்,
கயல்