வாராந்திர நிலுவை அறிக்கை: மன்னார்குடி கிளை, லீடர் வாரியாக, 2025 அக்டோபர் 6 முதல் நவம்பர் 8 வரை

பெறுநர்: மண்டல மேலாளர்
அனுப்புநர்: கிளை மேலாளர், மன்னார்குடி
நகல்: தணிக்கைப் பிரிவு
தேதி: 8.11.2025, சனி மாலை கணக்கு முடிந்தபின்

ஐயா,

வாரத் தவணையில் ஓடும் ஆறு சென்டர்களின் ஐந்து வாரக் கணக்கு இது. ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது அந்த வாரம் சனிக்கிழமை மாலை வரை சேர்ந்திருக்கும் மொத்த பாக்கி. அந்த ஒரு வாரத்தில் விடுபட்ட தொகை மட்டும் அல்ல. பரவாக்கோட்டையில் ஆளுக்கு வாரம் 750 ரூபாய் (60,000 கடன், 100 வாரம்). மற்ற ஐந்திலும் 500 ரூபாய் (40,000 கடன், 100 வாரம்).

| சென்டர் / லீடர் | உறுப்பினர் | வார டிமாண்ட் | அக். 11 | அக். 18 | அக். 25 | நவ. 1 | நவ. 8 |
|---|---|---|---|---|---|---|---|
| வடுவூர் / செல்வராணி | 18 | 9,000 | 0 | 0 | 4,500 | 2,000 | 0 |
| மேலவாசல் / ஜெயந்தி | 15 | 7,500 | 2,000 | 4,000 | 6,000 | 8,000 | 10,000 |
| உள்ளிக்கோட்டை / மலர்க்கொடி | 20 | 10,000 | 1,000 | 3,500 | 9,500 | 13,000 | 12,000 |
| பரவாக்கோட்டை / இந்திரா | 12 | 9,000 | 750 | 750 | 1,500 | 2,250 | 3,000 |
| நெடுவாக்கோட்டை / புஷ்பா | 16 | 8,000 | 0 | 0 | 0 | 0 | 0 |
| மூவாநல்லூர் / சரோஜா | 14 | 7,000 | 500 | 500 | 2,500 | 1,500 | 500 |
| மொத்தம் | 95 | 50,500 | 4,250 | 8,750 | 24,000 | 26,750 | 25,500 |

தீபாவளி வாரத்தில் பாக்கி ஒரேயடியாக 15,250 ரூபாய் ஏறியது. அந்த வாரம் வசூல் 35,250 ரூபாய்தான், டிமாண்டில் 70 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அடுத்த வாரம் 47,750 வந்தது. இந்த வாரம் பழைய பாக்கியும் சேர்ந்து 51,750, அதாவது டிமாண்டைவிட 1,250 கூடுதல்.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் நிலைமை சரியாகி வருவதாகத் தோன்றும். லீடர் வாரியாகப் படித்தால் அப்படி இல்லை. போன கூட்டத்தில் உள்ளிக்கோட்டைதான் மோசம், அந்த லீடரை மாற்றலாமா என்று பேச்சு வந்தது. என் கருத்து வேறு. உள்ளிக்கோட்டை தேறிவிடும். நாம் உடனே உட்கார்ந்து பேச வேண்டியவை மேலவாசலும், பாக்கியே காட்டாத நெடுவாக்கோட்டையும்.

மேலவாசல் (லீடர்: ஜெயந்தி)

இந்த வரிசையைப் பாருங்கள்: 2,000, 4,000, 6,000, 8,000, 10,000. மழை, பண்டிகை, கூலி தாமதம் என்று எதுவாக இருந்தாலும் பாக்கி ஏறி இறங்கும். ஒரு வாரம் இவர் விடுவார், அடுத்த வாரம் வேறொருவர் விடுவார். இப்படி வாரம் தவறாமல் 2,000 மட்டும் ஏறுகிறது என்றால், அதே நான்கு பேர் கட்டவில்லை, மீதி 11 பேர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். பாஸ்புக்கும் அதைத்தான் சொல்கிறது. நான்கு பேருக்கும் கடைசித் தவணை செப்டம்பர் 30. லீடர் ஜெயந்தியின் சொந்தத் தவணையில் ஒரு நாள்கூடப் பாக்கி இல்லை.

நான்கு பேரும் இரண்டு மீட்டிங்குக்கு மேல் தொடர்ந்து வராததால், விதிப்படி வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில் ஃபீல்டு ஆபிசரும் நானும் நவம்பர் 6 பகலில் போனோம். ஒருவர் வீட்டில் இல்லை. ஒருவர் பேச விரும்பவில்லை. மற்ற இருவரும் தனித்தனியாக, ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். கடன் தங்கள் பேரில் வாங்கப்பட்டது, பணம் வந்த அன்றே லீடரின் உறவினர் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம், செப்டம்பர் வரை அவரே தவணை கொடுத்துவந்தார், இப்போது திருப்பூர் பக்கம் போய்விட்டார் என்கிறார்கள். இருவருக்கும் கிடைத்தது ஆளுக்கு ஒரு சிறு தொகை. லீடரிடம் இதைப் பற்றி நான் இன்னும் கேட்கவில்லை. தணிக்கைப் பிரிவு வந்து நேரடியாகக் கேட்பதுதான் முறை. நான் முதலில் கேட்டுவிட்டால், அந்த இரண்டு பெண்களிடமும் அன்று இரவே யாராவது பேசப் போய்விடுவார்கள்.

10,000 என்பது பார்வைக்குச் சின்னத் தொகை. ஆனால் இந்த நான்கு கடன்களின் அசல் நிலுவை 1,12,400 ரூபாய். அக்டோபர் 7 தவணை இன்று 32 நாள் பாக்கி. 30 நாள் தாண்டியதால் நான்கு கணக்கும் எஸ்எம்ஏ-1 வகைக்குப் போய்விட்டன. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். கிரெடிட் பீரோவுக்கு 15 நாளுக்கு ஒருமுறை தகவல் போகிறது. ஆகவே பணத்தைக் கையில் வைத்துச் செலவழிக்காத பெண்களின் பேரில் பாக்கி பதிவாகிக்கொண்டிருக்கிறது. நாளைக்குப் பிள்ளைக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாலும் இது முன்னால் வந்து நிற்கும். எனக்கு இதுதான் மிகுந்த வருத்தம்.

மீதி 11 பேரிடம் ‘குழுப் பொறுப்பு’ என்று சொல்லி இந்தப் பாக்கியைக் கேட்கக் கூடாது என்று ஃபீல்டு ஆபிசருக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கேட்டால் ஒழுங்காகக் கட்டும் 11 பேரும் அடுத்த வாரமே நின்றுவிடுவார்கள். அதோடு அது நியாயமும் இல்லை.

நெடுவாக்கோட்டை (லீடர்: புஷ்பா)

ஐந்து வாரமும் பூஜ்யம். மாதாந்திரப் பாராட்டுப் பட்டியலுக்கு இந்த சென்டரின் பேர் போயிருக்கிறது. அதை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 24 வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் கையெழுத்துப் போட்டவர்கள் ஆறு பேர். வசூல் 8,000, பைசா குறையாமல். பத்துப் பேரின் 5,000 ரூபாயை லீடரே மொத்தமாகக் கொடுத்திருக்கிறார். அக்டோபர் 31 அன்றும் ஏழு பேர் தவணை அவர் கையிலிருந்துதான் வந்திருக்கிறது. நேற்று மீட்டிங் முடிந்தபின் அவரிடம் தனியாகக் கேட்டேன். மறைக்கவில்லை. “என் சென்டர்ல பாக்கி விழக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காருல்ல, அதான் தோட்டை வெச்சுக் கட்டினேன். அவங்க மெதுவா தருவாங்க” என்றார். ஏழு பேர் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், மற்றவர்கள் இன்னும் கொடுக்கவில்லை. அடகுக் கடைக்கு வட்டி அவர்தான் கட்டுகிறார்.

லீடருக்கு நாம் சம்பளம் தருவதில்லை. மீட்டிங்குக்கு ஆட்களைக் கூட்டுவது, தகவல் சொல்வது, இவ்வளவுதான் அவர் வேலை. மற்றவர் தவணையைக் கட்டுவது அவர் வேலை அல்ல. அதைவிட, அந்தப் பத்துப் பேருக்குக் கஷ்டம் என்பதே நம் கணக்கில் தெரியாமல் போகிறது. அடுத்த சுற்றில் ‘நல்ல ரெக்கார்டு’ என்று இன்னும் பெரிய கடன் கொடுத்துவிடுவோம். இனி இந்த சென்டரில் வராதவர் தவணையை வேறொருவர் கையால் வாங்க வேண்டாம், பாக்கி என்றே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் இங்கே 2,000, 3,000 என்று பாக்கி தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதுதான் உண்மையான கணக்கு.

உள்ளிக்கோட்டை (லீடர்: மலர்க்கொடி)

20 பேரில் பெரும்பாலோர் விவசாயக் கூலி. குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் தேங்கியது. விவசாயிக்குப் பணம் வராமல் கூலி பாக்கி நின்றது. அறுப்பை மிஷின் செய்கிறது. இந்தப் பெண்களுக்குக் கிடைப்பது நெல் காயவைப்பது, தூற்றுவது போன்ற வேலைதான். ஆண்கள் பலர் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர்கள். ஆக ஒரே காரணம் ஒரே வீட்டில் இரண்டு வருமானத்தையும் நிறுத்திவிட்டது.

தீபாவளி வாரம் 6,000, அடுத்த வாரம் 3,500 என்று ஏறிய பாக்கி இந்த வாரம் 1,000 குறைந்திருக்கிறது. 14 பேருக்குப் பாக்கி உள்ளது: ஆறு பேருக்கு ஒரு தவணை, ஆறு பேருக்கு இரண்டு, இரண்டு பேருக்கு மூன்று. மிகப் பழையது அக்டோபர் 22 தவணை, 17 நாள். யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. கட்ட முடியாதவர்களும் மீட்டிங்குக்கு வந்து உட்கார்ந்து காரணம் சொல்கிறார்கள், அதில் மலர்க்கொடியின் பங்கு பெரிது. அவரை மாற்றக் கூடாது.

பாக்கியை ஒரே தவணையில் கேட்க வேண்டாம். முடிந்தவர்கள் 500-க்குப் பதில் 750 கட்டட்டும், கூடுதல் தொகை பழைய தவணையில் வரவு வைக்கப்படும். கடனை மாற்றி எழுதி நாள் நீட்டிக்கலாம் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. அப்படி மறுசீரமைத்தால் தரம் இறங்கி அவர்கள் ரெக்கார்டுதான் கெடும். இரண்டு மாதப் பிரச்சினைக்கு அது தேவையில்லை. சம்பா களையெடுப்பு ஆரம்பித்ததும் கூலி வரும். 15-ஆம் தேதி மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வருமே, அன்றைக்கு வசூல் வைக்கலாமே என்று ஒரு ஃபீல்டு ஆபிசர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கும் பணம்.

பரவாக்கோட்டை (லீடர்: இந்திரா)

3,000 முழுவதும் ஒரே உறுப்பினருடையது. கணவர் கொத்தனார், அக்டோபர் முதல் வாரம் சாரத்திலிருந்து விழுந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறார். அக்டோபர் 9 தவணை விட்டு, 16-ஆம் தேதி ஒன்று கட்டினார். அதன்பின் மூன்று வாரமாக இல்லை. கடனோடு சேர்ந்த காப்பீடு இறப்புக்கு மட்டும்தான் என்பதால் இதற்கு எதுவும் வராது. மருத்துவமனைக்கு யாரும் போகக் கூடாது, போனும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நவம்பர் 15-க்குள் ஒரு 750 வந்தால்கூடக் கணக்கு 30 நாளைத் தாண்டாது. இந்திரா மூலமாக இந்த ஒரு தகவலை மட்டும் சொல்லியிருக்கிறோம். தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய உங்கள் அனுமதி வேண்டும்.

வடுவூர், மூவாநல்லூர்

வடுவூர் மீட்டிங் திங்கள்கிழமை. தீபாவளியே திங்கள் என்பதால் புதனுக்கு மாற்றினோம், ஒன்பது பேர் வரவில்லை. நவம்பர் 3-க்குள் எல்லாம் வந்துவிட்டது. மூவாநல்லூரில் நிற்கும் 500 எப்போதும் ஒரு தவணை பின்னால் கட்டும் ஒரு உறுப்பினருடையது. வாரம் தவறாமல் கட்டுகிறார், ஒரு தவணை மட்டும் பின்தங்கியே ஓடுகிறது. கவலை இல்லை.

உங்களிடமிருந்து தேவைப்படுவது

மேலவாசலுக்குத் தணிக்கைப் பிரிவிலிருந்து ஒருவர், முடிந்தால் ஒரு பெண் அதிகாரி. அங்கே அந்த விசாரணை முடியும்வரை புதுக் கடன் நிறுத்தம். பரவாக்கோட்டைக்குக் கட்டணத் தள்ளுபடி. பாராட்டுப் பட்டியலிலிருந்து நெடுவாக்கோட்டையை எடுப்பது.

அப்புறம் ஒன்று. இந்த அறிக்கையை லீடர் பேரோடு வாட்ஸ்அப் குழுக்களில் போடும் வழக்கம் சில கிளைகளில் இருக்கிறது. லீடர் பேர் இதில் இருப்பது எந்த சென்டர் என்று நாம் அடையாளம் காணத்தான். 10,000 ரூபாய் ஜெயந்தியின் கடன் அல்ல, 12,000 மலர்க்கொடியின் கடன் அல்ல. ஊரில் இது வேறு மாதிரிப் படிக்கப்படும். பாக்கி வைத்தவர் பேரை வெளியே போடுவது ரிசர்வ் வங்கி விதிப்படி தடை செய்யப்பட்ட கடுமையான வசூல் முறை. காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் போன் செய்யாமல் இருக்கும் அதே கவனம் இதிலும் வேண்டும். மன்னார்குடி கிளையில் இது காகிதத்தில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி மட்டும்.

மேலவாசல் மீட்டிங் நவம்பர் 11 செவ்வாய் காலை 10 மணிக்கு. தணிக்கையிலிருந்து வருபவர் யார் என்பது திங்கள் மாலைக்குள் தெரிந்தால், நான்கு பேரின் கடன் கோப்பு, பணம் வழங்கிய அன்று எடுத்த படங்கள், வங்கிக் கணக்கு வரவு விவரம் ஆகியவற்றைத் தயாராக எடுத்து வைக்கிறேன்.

கிளை மேலாளர்
மன்னார்குடி