டீம்ஸ் கணினியில் ஒரு மாதிரி, ஃபோனில் வேறு மாதிரி தெரிவது ஏன்?

நாள்: 24.11.2025
அனுப்புவது: கணினிப் பிரிவு நிர்வாகி, தலைமை அலுவலகம், திருப்பூர்
பெறுவோர்: மெர்ச்சண்டைசிங், உற்பத்தி, தரச் சோதனை, ஸ்டோர்ஸ், கணக்குப் பிரிவினர் அனைவரும்

அனைவருக்கும் வணக்கம்.

போன திங்கட்கிழமை, 17ஆம் தேதி காலையிலிருந்து எங்கள் பிரிவுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான். "சார், கம்ப்யூட்டர்ல டீம்ஸ் எப்பவும் போலத்தான் இருக்கு. ஃபோன்ல மட்டும் வேற மாதிரி ஆயிடுச்சு, காப்பி பண்ண விடமாட்டேங்குது, வைரஸா?" வைரஸ் இல்லை. உங்கள் ஃபோனில் பழுதும் இல்லை. மாற்றம் செய்தது நாங்கள். அதற்கு முந்தைய இரவு அனுப்பிய இரண்டு வரி மெயிலில் காரணத்தைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. அதைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நீங்கள் பார்க்கும் வித்தியாசங்கள் இரண்டு வகை. ஒன்று, டீம்ஸ் தயாரிக்கப்பட்ட விதத்திலேயே இருப்பது. மற்றது, நம் நிறுவனம் போட்ட பாதுகாப்பு விதி.

முதல் வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஓடுவதும் ஃபோனில் ஓடுவதும் ஒரே பெயரில் உள்ள இரண்டு தனித்தனி மென்பொருள்கள். கணினியில் பட்டன்கள் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக வரும். ஃபோனில் இடம் குறைவு என்பதால் அடியில் சில மட்டும் நிற்கும். மிச்சம் More என்ற பட்டனுக்குள் போய்விடும். "லீவு அப்ரூவல் காணாமப் போச்சு" என்று சொன்னவர்கள் More-ஐத் தொட்டுப் பாருங்கள், Approvals அங்கேயேதான் இருக்கிறது. சிலருக்கு ஃபோனில் மட்டும் திரை கருப்பாகத் தெரிகிறது. ஃபோன் டார்க் மோடில் இருந்தால் டீம்ஸும் அதையே எடுத்துக்கொள்ளும். டீம்ஸின் Settings-இல் Appearance-க்குப் போய் Light வைத்தால் வெள்ளையாகிவிடும்.

இன்னொன்று. கணினியில் உள்ள புதிய டீம்ஸில் தனி அரட்டைகளும் சேனல்களும் ஒரே பட்டியலில் வருகின்றன. பழையபடி தனித்தனியாக வேண்டும் என்றால் Settings-இல் Chats and channels பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டோர்ஸில் உள்ள நான்கு பழைய கணினிகளில் மட்டும் பிரவுசர் வழியாக டீம்ஸ் திறக்கிறோம். பழைய டீம்ஸ் 2025 ஜூலை 1 முதல் வேலை செய்யாது. அந்த நான்கு கணினிகளுக்கும் வயதாகிவிட்டது, மாற்றக் கேட்டிருக்கிறோம். அதுவரை பிரவுசரில் அந்த டேபை மூடிவிட்டால் மெசேஜ் வந்த சத்தம் கேட்காது என்பதை ஸ்டோர்ஸ் நண்பர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டாவது வகைக்கு வருகிறேன். உங்களுக்குக் கோபம் வந்தது இதில்தான்.

17ஆம் தேதி முதல் உங்கள் சொந்த ஃபோனில் டீம்ஸைத் திறந்தால் ஆறு இலக்கப் பின் கேட்கும். கைரேகை வைத்தும் திறக்கலாம். 30 நிமிடம் தொடாமல் விட்டால் மறுபடி கேட்கும். டீம்ஸில் வந்த ஃபைலை ஃபோன் கேலரியிலோ டவுன்லோடிலோ சேமிக்க முடியாது. நிறுவனக் கணக்கில் உள்ள ஒன்டிரைவில் சேமிக்கலாம். ஆண்ட்ராய்டில் டீம்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. டீம்ஸில் இருப்பதைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டப் பார்த்தால், நீங்கள் எழுதியதற்குப் பதில் இந்த வரி வந்து விழும்:

```
Your organization's data cannot be pasted here.
```

நிறுவனத்தின் தகவலை இங்கே ஒட்ட முடியாது என்று அர்த்தம். ஒரு மெர்ச்சண்டைசர் இது தெரியாமல் இந்த வரியையே டையிங் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் ஒட்ட நினைத்தது வெறும் பி.ஓ. நம்பர். அது நியாயமான வேலைதான். அதனால் புதன்கிழமை விதியைத் திருத்திவிட்டோம்: 25 எழுத்து வரை எங்கும் ஒட்டலாம். பி.ஓ. நம்பர், ஸ்டைல் நம்பர், லாரி நம்பர், ஃபோன் நம்பர் எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு முழு மெசேஜோ காஸ்டிங் கணக்கோ அடங்காது. அளவு போதவில்லை என்றால் எந்த வேலைக்குப் போதவில்லை என்று சொல்லுங்கள், பேசி முடிவெடுக்கலாம்.

உள்ளே வருவதற்குத் தடை எதுவும் இல்லை. கட்டிங் டேபிளில் துணியில் ஓட்டை தெரிந்தால், லேப் டிப் நிறம் மாறி வந்தால், கார்ட்டன் மார்க்கிங் தப்பாக இருந்தால் ஃபோட்டோ எடுத்து எப்போதும் போல டீம்ஸில் போடுங்கள். டீம்ஸிலிருந்து வெளியே போவதற்குத்தான் தடை.

இதையெல்லாம் ஏன் செய்தோம்? இந்த வருடம் நடந்த இரண்டு சம்பவங்கள் காரணம்.

மார்ச் மாதம், ஒரு பையருக்கான காஸ்டிங் ஷீட் ஒருவருடைய சொந்த ஃபோனிலிருந்து தவறுதலாக ஒரு சப்ளையர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. நூல் விலை, நிட்டிங், டையிங், சி.எம்.டி., நம் லாபம், எல்லாம் வரிவரியாக அதில் இருந்தது. அனுப்பியவர் அடுத்த நிமிடமே பார்த்து அழித்துவிட்டார். அதற்குள் இரண்டு பேர் திறந்துவிட்டார்கள். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஷிப்மென்ட் அவசரத்தில், ஒரே ஃபோனில் வீட்டு குரூப்பும் சப்ளையர் குரூப்பும் அலுவலகமும் அடுத்தடுத்து இருந்தால் யார் விரலும் தவறும்.

ஆகஸ்டில், தரச் சோதனையில் இருக்கும் ஒரு தங்கை பல்லடம் பஸ்ஸில் ஃபோனைத் தொலைத்துவிட்டார். உடனே பாஸ்வேர்டை மாற்றி, எல்லா இடங்களிலும் அவர் கணக்கை வெளியேற்றினோம். ஆனால் அதற்கு முன்பே டவுன்லோட் ஆகி அந்த ஃபோனில் கிடந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டுகளையும் தொழிலாளர் வருகைப் பட்டியலையும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பட்டியலில் நம் ஆட்களின் பெயரும் ஃபோன் நம்பரும் இருந்தன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. தகவலைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அபராதம் இல்லை. முந்நூறு பேர் நம்மை நம்பிக் கொடுத்த நம்பர்கள் யாரோ ஒருவர் பாக்கெட்டில் இருக்கின்றன என்பதுதான்.

இனி ஃபோன் தொலைந்தால், டீம்ஸிலும் ஔட்லுக்கிலும் உள்ள அலுவலகத் தகவலை மட்டும் இங்கிருந்தே அழிக்க முடியும். உங்கள் ஃபோட்டோ, வாட்ஸ்அப், ஜிபே எதையும் அது தொடாது. தொடவும் முடியாது. அந்த ஃபோன் அடுத்த முறை இணையத்துக்கு வந்து டீம்ஸ் திறக்கும்போதுதான் அழியும். 90 நாள் இணையத்துக்கே வராவிட்டால் டீம்ஸ் தானாகவே அந்தத் தகவலை நீக்கிவிடும்.

அப்படியென்றால் அலுவலகக் கணினியில் இந்தத் தடைகள் ஏன் இல்லை என்று சிலர் கேட்டீர்கள். நல்ல கேள்வி. கணினி நிறுவனத்துடையது. அதன் டிஸ்க் முழுவதும் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது, பென் டிரைவ் வேலை செய்யாது, என்ன மென்பொருள் போடலாம் என்பதும் எங்கள் கையில். முழு மிஷினையும் பூட்டியிருப்பதால் டீம்ஸுக்குள் தனிப் பூட்டு தேவைப்படவில்லை. ஃபோன் உங்களுடையது. உங்கள் காசில் வாங்கியது, உங்கள் பிள்ளைகளின் படங்கள் இருப்பது. அதைப் பூட்ட எங்களுக்கு உரிமை இல்லை. அதனால் அதற்குள் இருக்கும் அலுவலகப் பகுதியை மட்டும் பூட்டுகிறோம். இரண்டு இடத்திலும் டீம்ஸ் வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு மூலக் காரணம் இதுதான்.

அடுத்தது, நீங்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கிய கேள்வி: "எங்க ஃபோனை நீங்க பார்க்கறீங்களா?" இல்லை. எங்கள் திரையில் தெரிவது ஃபோனின் மாடல், ஆண்ட்ராய்டா ஐஃபோனா, அதன் வெர்ஷன், எந்த அலுவலகச் செயலி கடைசியாக எப்போது தொடர்பில் வந்தது, இவ்வளவுதான். உங்கள் அழைப்புகள், எஸ்.எம்.எஸ்., கேலரி, போகும் இடம், பிரவுசரில் பார்ப்பது, சொந்த வாட்ஸ்அப் எதுவும் தெரியாது. சந்தேகம் இருந்தால் என் மேசைக்கு வாருங்கள், உங்கள் பெயருக்கு எதிரே என்ன தெரிகிறது என்று என் திரையிலேயே காட்டுகிறேன். வெள்ளிக்கிழமை ஐந்து பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதே நேர்மையோடு இதையும் சொல்ல வேண்டும். டீம்ஸில் எழுதும் மெசேஜ்கள் நிறுவனத்தின் பதிவுகள். நிர்வாகம் எழுத்து மூலம் காரணத்தோடு கேட்டால் அவற்றை எடுத்துத் தரும் வசதி இருக்கிறது. கணினியில் எழுதினாலும் ஃபோனில் எழுதினாலும் ஒன்றுதான், முன்பும் அப்படித்தான். சொந்த விஷயங்களை டீம்ஸில் பேச வேண்டாம்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களிடம் Company Portal என்ற செயலியைப் போடச் சொல்லி வந்திருக்கும். பெயரைப் பார்த்துப் பலர் பயந்துவிட்டீர்கள். பாதுகாப்பு விதி வேலை செய்ய அது ஃபோனில் இருந்தால் போதும். அதைத் திறக்கவோ அதில் லாகின் செய்யவோ தேவையில்லை. ஃபோன் முழுவதையும் நிறுவனத்தில் பதியச் சொல்லியோ, வொர்க் புரொஃபைல் உருவாக்கச் சொல்லியோ எந்தத் திரை வந்தாலும் அழுத்தாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். வேறு கம்பெனியில் இருக்கும் உங்கள் நண்பர் ஃபோனில் செயலிகள் மேல் சின்ன பெட்டிப் படம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த முறை. நாம் அதைப் பயன்படுத்தவில்லை. ஐஃபோனில் Company Portal-க்குப் பதில் Microsoft Authenticator இருந்தால் போதும்.

சொந்த ஃபோனில் டீம்ஸ் வைத்திருப்பது கட்டாயம் இல்லை. வேண்டாம் என்பவர்கள் கணக்கை நீக்கிவிடலாம். யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று மனிதவளப் பிரிவும் ஒப்புக்கொண்டிருக்கிறது. உற்பத்தித் தளத்தில் உள்ளவர்களுக்காகக் கட்டிங், செக்கிங், பேக்கிங் மூன்று இடத்திலும் ஆளுக்கொரு லாகினோடு திறக்கும் கணினி ஒன்று டிசம்பர் 1 முதல் இருக்கும்.

பின் மறந்துபோனால் அதே திரையில் அதை மாற்றும் வழி இருக்கிறது. அலுவலக பாஸ்வேர்ட் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஃபோன் தொலைந்தால் மட்டும் எந்த நேரமானாலும் தயங்க வேண்டாம். முதலில் வீட்டிலிருப்பவர் யாருடைய ஃபோனிலிருந்தாவது இரவுக் காவலர் அறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் எங்களை எழுப்புவார்கள். மற்ற சந்தேகங்களுக்கு உள் இணைப்பு 214. இந்த வாரம் முழுவதும் மதியம் 3 மணியிலிருந்து 4 வரை சாம்பிள் ரூம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்போம். ஃபோனோடு வாருங்கள்.

கணினிப் பிரிவு