திங்கட்கிழமை தொடங்க ஒரு நான்கு வாரத் திட்டம்

தம்பி,

"அக்கா, ஒரு நல்ல ஒர்க்கவுட் பிளான் அனுப்புங்க, திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்" என்று நேற்று இரவு அனுப்பியிருந்தாய். உன்னைக் கடைசியாகப் பார்த்தது ஐந்து வருடம் முன்னால், உன் அக்கா கல்யாணத்தில். இப்போது உன் எடை என்ன, முட்டி எப்படி, வீட்டில் டம்பெல் இருக்கிறதா, எதற்காகக் கேட்கிறாய் என்று எனக்கு எதுவும் தெரியாது. காலையில் இரண்டு முறை கூப்பிட்டேன், ஷிஃப்டில் இருந்திருப்பாய். கேள்வி கேட்டுக் கேட்டு உன் உற்சாகத்தை ஆறவிட மனமில்லை. அதனால் பதில் இல்லாமலே தொடங்கக்கூடிய ஒரு திட்டத்தை எழுதிவிட்டேன். நான் கேட்க நினைத்ததில் பாதிக்கு முதல் வாரமே பதில் சொல்லிவிடும்.

நானாக வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: உனக்கு முப்பத்திரண்டு வயது, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை, ஒரு வருடமாவது உடற்பயிற்சி விட்டுப்போயிருக்கும். வேளச்சேரி வீட்டில் ஒரு கைப்பிடி இல்லாத நாற்காலி, சுவர், சமையல் மேடை, மாடிப்படி, ஆபீஸுக்கு எடுத்துப்போகும் முதுகுப்பை. வேறு எந்தச் சாமானும் வேண்டாம்.

அடிபட்ட இடம் எதுவும் இல்லை என்று மட்டும் நான் கணக்கு வைக்கவில்லை. பயிற்சி சொல்லித்தர ஆரம்பித்த புதிதில் ஒருவருக்குக் குதித்துச் செய்யும் ஸ்குவாட் எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் பழைய தசைநார்க் கிழிசல் இருந்திருக்கிறது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலாம் நாள் முட்டி வீங்கிவிட்டது. அப்புறம் அவர் மைதானத்துப் பக்கமே வரவில்லை. அன்றிலிருந்து ஆளைப் பற்றித் தெரியாமல் எழுதும் திட்டத்தில் குதிப்பதற்கும் ஓடுவதற்கும் நான் இடம் கொடுப்பதில்லை.

திங்களுக்கு முன்னால்

இவற்றுக்கு மனசாட்சியோடு பதில் சொல். மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சு வலிக்கிறதா, இறுகுகிறதா? காரணமில்லாமல் மயக்கமோ தலைசுற்றலோ வந்ததுண்டா? இதயத்தில் கோளாறு இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறாரா? பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா? சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா? மூட்டிலோ முதுகிலோ அடிக்கடி வந்துபோகும் வலி உண்டா?

ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வா. நெஞ்சுவலி, மயக்கம் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. திட்டம் எங்கேயும் ஓடிவிடாது.

திங்கள்: முதல் நாள் அளவெடுப்பது

அன்று வியர்க்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நட, தோளையும் இடுப்பையும் சுழற்று. அப்புறம் மூன்று சோதனை.

முதலாவது நாற்காலி. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மெதுவாக மறுபடி உட்கார். 10 முறை சிரமமில்லாமல் வந்தால் உன் ஸ்குவாட் அதே உயரத்தில். முட்டி முனகினால் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்திக்கொள்.

இரண்டாவது தள்ளுவது. சுவரில் கையூன்றி 10 புஷ்-அப். எளிதாக வந்தால் சமையல் மேடையில் கையூன்றி 10. அதுவும் எளிது என்றால் தரையில். எந்த உயரத்தில் எட்டாவதைத் தாண்டும்போது கஷ்டம் தெரிகிறதோ, அதுதான் இந்த வாரம் உன் உயரம்.

மூன்றாவது நடை. பத்து நிமிடம் வேகமாக நட. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்.

மூன்றையும் ஒரு தாளில் எழுதி வை. அடுத்த மாதம் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.

புதன், வெள்ளி, அடுத்து வரும் திங்கள்: பலத்துக்கான நாட்கள்

எல்லா நாளும் அதே ஆறு பயிற்சி. தினம் ஒன்று மாற்றினால் உடம்பு எதையும் பழகாது, முன்னேறினாயா என்பதும் தெரியாது.

1. நாற்காலி ஸ்குவாட். பாதம் தோள் அகலம், முட்டி கால்விரல் போகும் திசையிலேயே போகட்டும். உட்காரும்போது தொப்பென்று விழாதே, மூன்று எண்ணி இறங்கு.

2. புஷ்-அப், உனக்குக் கிடைத்த உயரத்தில். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. முழங்கை பக்கவாட்டில் விரியாமல் விலாவுக்குக் கொஞ்சம் அருகே இருக்கட்டும். மணிக்கட்டு வலித்தால் உயரத்தைக் கூட்டிக்கொள்.

3. பை இழுப்பது. முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு வை, நாலு கிலோ ஆகிவிடும். ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, மற்றக் கையால் பையை இடுப்பு எலும்பை நோக்கி இழு. முதுகு வளையக்கூடாது. ஆறில் ஒன்றைத்தான் செய்ய நேரம் என்றால் இதைச் செய் என்பேன். கம்ப்யூட்டர் முன்னால் கூனி உட்காருபவர்களுக்கு மேல்முதுகு வேலையே செய்வதில்லை.

4. இடுப்பு தூக்குவது. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கு. மேலே இரண்டு விநாடி நில். அழுத்தம் புட்டத்தில் தெரிய வேண்டும், கீழ்முதுகில் இல்லை.

5. படி ஏறுவது. மாடிப்படியின் முதல் படி போதும், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு காலால் ஏறி, அதே காலால் தாங்கி இறங்கு. பிறகு மறுகால்.

6. பிளாங்க். முழங்கையும் முட்டியும் தரையில், 15 விநாடி. இடுப்பு தொங்க ஆரம்பித்தால் அத்தோடு முடி, விநாடியைப் பார்க்காதே.

முதல் வாரம் பிளாங்க் தவிர ஒவ்வொன்றும் 8 முறை, இரண்டு செட். கை, கால் மாற்றிச் செய்வதில் ஒவ்வொரு பக்கமும் 8. செட்டுக்கு நடுவே ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் ஓய்வு. மூச்சை அடக்காதே, பாரத்தைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடு. முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் நடை சேர்த்து நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த மாதம் முழுக்க ஒரே விதி: இன்னும் மூன்று முறை நன்றாகச் செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்து. எட்டு என்று நான் எழுதியிருந்தாலும் ஆறில் அந்த இடம் வந்தால் ஆறோடு சரி. உன் நிலை தெரியாமல் நான் போட்ட எண்ணை உன் உடம்பு இப்படித்தான் திருத்த வேண்டும்.

செவ்வாய், வியாழன், சனி: நடை

முதல் வாரம் 20 நிமிடம், இரண்டாவது 25, மூன்றாவது 30, நான்காவது 40. நான்காவது வாரத்தில் பலப் பயிற்சி நாட்களிலும் முடிந்த கையோடு பத்து நிமிட வேக நடை சேர்த்துக்கொள். கூட்டினால் வாரத்துக்கு 150 நிமிடம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவின் வாசலில் நாலே வாரத்தில் நிற்பாய்.

இது மே மாதம், சென்னை. காலை ஆறரைக்குள் நடையை முடி, இல்லையென்றால் சூரியன் இறங்கிய பிறகு போ. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் தூக்கம்தான் முதலில், நடை சாயங்காலம்.

ஞாயிறு ஓய்வு.

வாரம் ஏற ஏற

இரண்டாம் வாரம் 10 முறை, இரண்டு செட். மூன்றாம் வாரம் 10 முறை, மூன்று செட். நான்காம் வாரம் 12 முறை, மூன்று செட். பிளாங்க் வாரத்துக்கு ஐந்து விநாடி ஏறட்டும். 12 முறை மூன்று செட்டும் சுத்தமாக வந்தால் எண்ணிக்கையை மேலும் ஏற்றாமல் பயிற்சியைக் கடினமாக்கு: தலையணையை எடு, மேடையிலிருந்து தரைக்கு இறங்கு, பையில் இன்னொரு பாட்டில் போடு. ஒரு வாரம் தவறிப்போனால் விட்ட வாரத்தையே திரும்பச் செய்.

ஒருவேளை நீ ஏற்கெனவே ஜிம் போகிறவனாக இருந்து, தரையில் 20 புஷ்-அப் அலட்டாமல் போடுகிறாய் என்றால், மூன்றாம் வாரத்தின் எண்ணிக்கையில் தொடங்கு. முதல் ஏழு நாள் மட்டும் இரண்டு செட். டம்பெல் இருந்தால் பைக்குப் பதில் அது. மற்றபடி மாற்றமில்லை.

வலி

செய்த மறுநாள் தொடையும் மார்பும் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை இருக்கும், பயப்படாதே. லேசாக நடந்தால் இளகும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்துவது, வீக்கம், முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போவது, இவை வேறு. அந்தப் பயிற்சியை அங்கேயே விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டு. நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் நாள் வேகத்தில் 'நூறு தோப்புக்கரணம் போட்டுப் பார்ப்போம்' என்று யாராவது பந்தயம் கட்டுவார்கள். பழக்கமில்லாத தசையை ஒரேயடியாக அப்படி வதைத்தால் தசை நார்கள் சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கலாம். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தாங்கமுடியாத தசைவலியும் வீக்கமும் இருந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்தக் காலத்தில் தண்டால், பஸ்கி நூற்றுக்கணக்கில் போட்டவர்கள் வருடக்கணக்கில் ஏற்றி ஏற்றிப் போட்டவர்கள்.

இளைக்கவா, தசை ஏற்றவா, முதுகுவலி போகவா, எதற்குக் கேட்டாய் என்று தெரியாவிட்டாலும் இந்த முதல் மாதம் பொருந்தும். பிரிவது இரண்டாம் மாதத்தில்தான். இளைக்க வேண்டும் என்றால் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம். தசைக்கு என்றால் பாரமும் புரதமும் கூட்டுவோம். ஓட ஆசை என்றால் நடைக்கு நடுவே ஒரு நிமிட ஓட்டம் சேர்ப்பேன்.

அதற்கு எனக்கு வேண்டியவை இவை: எதற்காகச் செய்கிறாய், வாரத்தில் உண்மையிலேயே எத்தனை நாள் முடியும், எங்கே எப்போது அடிபட்டது, என்ன மாத்திரை, வீட்டில் என்ன சாமான், பக்கத்தில் ஜிம் உண்டா. திங்கட்கிழமைச் சோதனை எண்கள் மூன்றும். வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாலும் போதும். செவ்வாய் இரவு எட்டு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன், கூப்பிடு.

அன்புடன்,
அக்கா